வங்கி மேலாளர் கடன் விண்ணப்பத்தில் எதைத் தேடுகிறார்? ஒரு சிறு பட்டறையின் கணக்கை வைத்து ஒரு விளக்கம்

"நிலப் பத்திரம் இருந்தால் கடன் கிடைத்துவிடும்" என்பார் ஒருவர். "லாபக் கணக்கு நன்றாக இருந்தால் போதும்" என்பார் இன்னொருவர். "மேலாளரைத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்" என்பார் மூன்றாமவர். மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இவற்றை நம்பி எழுதப்படும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன: கடனை எந்தப் பணத்திலிருந்து கட்டப்போகிறோம் என்பதை அவை சொல்வதே இல்லை.

சிறு உற்பத்தியாளர் ஒருவர் இயந்திரம் வாங்கக் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொண்டு, அவருடைய விண்ணப்பத்தை மேலாளர் எப்படிப் படிப்பார் என்று பார்க்கலாம்.

## கைமாற்று கேட்டால் நாம் என்ன கேட்போம்?

தெரிந்தவர் ஒருவர் கைமாற்றாகப் பணம் கேட்கிறார். நம் வாயில் வரும் முதல் கேள்வி "எதுக்கு?" அடுத்தது "எப்ப தருவீங்க?" இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பிறகு வருத்தப்படுகிறார்கள். கொஞ்சம் அடிபட்டவர் மூன்றாவதாக ஒன்றையும் கேட்பார்: "எதிலிருந்து தருவீங்க?"

"தையல் இயந்திரம் வாங்கணும், வெளியே கொடுத்துத் தைக்கும் கூலி மிச்சமாகும், அதிலிருந்து மாசாமாசம் தர்றேன்" என்று பதில் வந்தால், அந்தக் கடனுக்குள்ளேயே அதைத் திருப்பும் வழியும் இருக்கிறது. "எப்படியாவது தந்துடுவேன், வீட்டுப் பத்திரம்கூடத் தர்றேன்" என்று வந்தால், நாணயம் இருக்கலாம், வழி இல்லை. பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது?

வங்கிக்கும் இதே நிலைதான். கடனுக்கு ஈடாக எழுதி வாங்கும் சொத்தைப் பிணையம் என்கிறார்கள். பிணையத்தை விற்றுப் பணத்தை மீட்பது வங்கிக்கு நீண்ட காலம் இழுக்கும், செலவு வைக்கும் வேலை. தொழிலில் வரும் பணம் வாசல் கதவென்றால் பிணையம் கொல்லைக் கதவு. வாசல் கதவே இல்லாத வீட்டுக்குக் கொல்லைக் கதவு எவ்வளவு பலமாக இருந்து என்ன பயன்?

## 25 லட்சம் என்று கேட்டது ஏன் தவறு?

இப்போது நம் பட்டறைக்காரரிடம் வருவோம். இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட கணக்கு. பித்தளை வால்வுகளுக்கான உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கிறார். ஆண்டு விற்பனை 60 லட்சம். அவரிடம் இருப்பவை பழைய லேத்துகள். மரை வெட்டி, உள்துளை கடையும் கடைசி வேலையை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்து வாங்குகிறார். மாதம் 6,000 பாகங்கள், ஒன்றுக்குக் கூலி 12. ஆக மாதம் 72,000 வெளியே போகிறது. கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் ஒரு சிஎன்சி லேத் வாங்கிவிட்டால் அந்த வேலையை உள்ளேயே முடித்துவிடலாம்.

அவர் முதலில் எழுதிய கடிதத்தில் "தொழிலை விரிவுபடுத்த 25 லட்சம்" என்று ஒரே வரிதான் இருந்தது. உடைத்துப் பார்த்தால் 18 லட்சம் இயந்திரத்துக்கு, மீதி 7 லட்சம் பித்தளைக் கம்பி வாங்க.

இரண்டும் ஒரே ஜாதிக் கடன் அல்ல. இயந்திரம் பல ஆண்டுகள் உழைத்து, தன் விலையைச் சிறுகச் சிறுகத் திருப்பித் தரும். அதற்கான கடனையும் சில ஆண்டுகளில் மாதத் தவணையாகக் கட்டுவார்கள். இதற்குப் பெயர் தவணைக் கடன். கம்பியின் கதை வேறு. இன்று வாங்கிய கம்பி இரண்டு மூன்று மாதத்தில் சரக்காகி, விற்று, பணமாகத் திரும்பிவிடுகிறது. உடனே அடுத்த கம்பிக்குப் போகிறது. இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும் பணத்துக்கு நடைமுறை மூலதனம் என்று பெயர். இதற்கு வங்கி ஒரு வரம்பு வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொண்டு பணம் வந்ததும் திருப்பிப் போடும் ஏற்பாட்டைத் தரும். எடுத்திருக்கும் தொகைக்கு, எடுத்திருக்கும் நாட்களுக்கு மட்டும் வட்டி.

இரண்டையும் கலந்தால் என்ன ஆகும்? கம்பிக்கான பணத்தைத் தவணைக் கடனாக வாங்கினால், மூன்று மாதத்தில் திரும்பிவிட்ட பணத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி கட்ட வேண்டும். மாற்றிச் செய்வது இன்னும் மோசம். கம்பி வாங்க வைத்திருந்த பணத்தைப் போட்டு இயந்திரம் வாங்கினால், அது இரும்பாக நின்றுவிடும். அடுத்த மாதம் புது இயந்திரம் பளபளவென்று இருக்கும், கடைய கம்பி இருக்காது. நல்ல பட்டறைகள் முடங்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஆர்டர் இல்லாமல் அல்ல, கையில் சுற்றும் பணம் இல்லாமல்.

எனவே கடிதம் இரண்டாகப் பிரிந்தது. கம்பிக்கான வரம்பைத் தனியே கேட்டுக்கொள்ளலாம். இங்கே இயந்திரக் கடனை மட்டும் தொடர்கிறேன்.

இதுவரை பார்த்தது: கடன் எந்தச் செலவுக்கோ, அந்தச் செலவு பணமாகத் திரும்பும் வேகத்தில்தான் கடனும் திரும்ப வேண்டும். நோக்கத்தை ஒரே வரியில் மழுப்பினால் மேலாளருக்கு எந்த வகைக் கடன் என்றே முடிவு செய்ய முடியாது.

## இயந்திரத்தின் விலை வேறு, திட்டத்தின் செலவு வேறு

விற்பனையாளர் தந்த விலைப்புள்ளியில் லேத்தின் விலை 21.5 லட்சம். பலர் இந்த எண்ணோடு வங்கிக்குப் போய்விடுகிறார்கள். ஆனால் இயந்திரம் ஓட வேண்டுமே! ஏற்றி இறக்கி நிறுவ 80,000. அடித்தளம், மின் பலகை, மின்னழுத்தச் சீராக்கி, கூடுதல் மின் இணைப்பு எல்லாமாக 1.2 லட்சம். முதல் செட் கருவிகள் 50,000. கூட்டினால் 24 லட்சம்.

விட்டுப்போகிற இந்த 2.5 லட்சம் சின்னத் தொகை போலத் தோன்றும். கடன் கிடைத்து, இயந்திரமும் வந்து இறங்கிய பிறகு, மின் பலகைக்குப் பணமில்லாமல் உறை பிரிக்காமல் நிற்கும். தவணை மட்டும் நிற்காமல் தொடங்கிவிடும்.

இந்த 24 லட்சத்தில் முழுவதையும் வங்கி தராது. ஒரு பங்கை நீங்கள் போட வேண்டும். அதை மார்ஜின் என்பார்கள். நம் கணக்கில் கால் பங்கு, அதாவது 6 லட்சம். மீதி 18 லட்சம் கடன். மேலாளர் இங்கே கேட்கும் கேள்வியைப் பலர் எதிர்பார்ப்பதில்லை: "இந்த 6 லட்சம் எங்கே இருக்கிறது?" நடப்புக் கணக்கில் இருக்கிறது என்றால், அது கம்பி வாங்கும் பணம். மேலே சொன்ன அதே பள்ளத்தில் விழப்போகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். நம் பட்டறைக்காரரிடம் அது வைப்பு நிதியாகத் தனியே இருந்தது. அதன் நகலையும் சேர்த்து வைத்தார்.

## லாபத்தில் தவணை கட்ட முடியாது

தலைப்பு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கலாம், ஆனால் விஷயம் அதுதான். தவணையைக் கட்டுவது கையில் வந்து நிற்கும் பணம். லாபம் என்பது ஒரு கணக்கு.

18 லட்சம், ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, 60 மாதம் என்றால் மாதத் தவணை சுமார் 40,040. ஆண்டுக்கு 4.80 லட்சம். இதில் முதல் ஆண்டு வட்டியாகப் போவது சுமார் 2.01 லட்சம், மீதிதான் அசலில் கழிகிறது.

இயந்திரம் என்ன மிச்சப்படுத்தும்? ஜாப் ஒர்க் கூலி 72,000 நிற்கும். ஆனால் புதிதாக ஓர் ஆப்பரேட்டருக்குச் சம்பளம் 18,000, மின்சாரம், கருவித் தேய்வு, எண்ணெய் எல்லாமாக 10,000. கழித்தால் மாதம் 44,000, ஆண்டுக்கு 5.28 லட்சம்.

இனி லாபக் கணக்கைப் பார்ப்போம். இயந்திரம் ஆண்டுதோறும் கொஞ்சம் பழசாகிறது என்பதற்காகக் கணக்கில் எழுதும் கழிவுதான் தேய்மானம். 24 லட்சத்துக்கு 15 சதவீதம் என்று வைத்தால் முதல் ஆண்டு 3.6 லட்சம். மிச்சமான 5.28-இல் வட்டி 2.01, தேய்மானம் 3.6 இரண்டையும் கழித்தால் 33,000 நஷ்டம்! கணக்குப் புத்தகத்தின்படி இந்த இயந்திரம் முதல் ஆண்டில் லாபத்தைக் குறைக்கிறது.

அப்படியானால் கடன் கேட்பதே தவறா? இல்லை. தேய்மானத்துக்காக யாரும் யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. அந்த 3.6 லட்சம் காகிதத்தில் மட்டும்தான் கழிகிறது. பணம் கல்லாவிலேயே இருக்கிறது. மேலாளர் இதை அறிவார், அதனால் அவர் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டிக்கொள்வார்.

அதே கையோடு வேறொன்றைக் கழித்தும் விடுவார். நம்மவர் தனி உரிமையாளர். ஆண்டு லாபம், வரி போக, 4.8 லட்சம். அதில் வீட்டுச் செலவுக்கு 3.6 லட்சம் எடுக்கிறார். மீதி 1.2 லட்சம்தான் தொழிலில் தங்குகிறது. ஏற்கெனவே இருக்கும் இயந்திரங்களின் தேய்மானம் 1 லட்சத்தைக் கூட்டினால் 2.2 லட்சம். விண்ணப்பத்தில் "லாபம் 4.8 லட்சம், தவணையும் 4.8 லட்சம், சரியாக இருக்கிறது" என்று எழுதினால், மேலாளருக்குக் காதில் விழுவது வேறு: "நாங்கள் அடுத்த ஐந்து ஆண்டு சாப்பிடப் போவதில்லை."

சரியான கணக்கு இது. பழைய தொழிலில் தங்குவது 2.2, புது இயந்திரம் மிச்சப்படுத்துவது 5.28. மொத்தம் 7.48 லட்சம். கட்ட வேண்டியது 4.80. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.56. இந்த எண்ணைத்தான் வங்கியில் டிஎஸ்சிஆர் என்பார்கள். கட்ட வேண்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் கையில் எவ்வளவு வருகிறது என்பதே அதன் பொருள். 1 என்றால் வந்ததெல்லாம் தவணைக்கே சரி. 1.5 சுற்றி இருந்தால் மேலாளர் நிம்மதியாகப் படிப்பார். 1.2-க்குக் கீழே போனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

சுருக்கமாக: லாபத்தோடு தேய்மானத்தைக் கூட்டி, வீட்டுக்கு எடுப்பதைக் கழித்து, அதோடு இயந்திரத்தின் மிச்சத்தைச் சேர்த்தால் கிடைப்பதே தவணைக்கான பணம்.

## ஆர்டர் கால் பங்கு குறைந்தால்?

நல்ல மேலாளர் 1.56-ஐப் பார்த்து மகிழ்ந்துவிட மாட்டார். எண்ணைக் கொஞ்சம் அழுத்திப் பார்ப்பார். நீங்களே முன்கூட்டி அழுத்திப் பார்த்து எழுதிவிட்டால், பேச்சின் தொனியே மாறிவிடும். என் பார்வையில், விண்ணப்பத்தில் நம்பிக்கையைக் கூட்டும் பகுதி இதுதான். "ஆண்டுக்கு 40 சதவீதம் வளர்வோம்" என்ற அட்டவணையை மேலாளர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள். கடந்த மூன்று ஆண்டில் வளர்ந்தது 8 சதவீதம் என்றால் அந்த அட்டவணையை யாரும் நம்பப் போவதில்லை.

மாதம் 6,000 பாகம் 4,500 ஆகிறது என்று வைப்போம். மிச்சமாகும் கூலி 54,000. மின்சாரமும் கருவியும் 7,500 ஆகக் குறையும். ஆப்பரேட்டர் சம்பளம் குறையாது, 18,000-தான். மாத மிச்சம் 28,500, ஆண்டுக்கு 3.42 லட்சம். விற்பனை குறைந்ததால் பழைய தொழிலில் தங்கும் 2.2 லட்சமும் 1.4 ஆகிவிடும் என்று கொள்வோம். மொத்தம் 4.82. கட்ட வேண்டியது 4.80. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கிறது.

இந்த இடத்தில் பலர் தொகையைக் குறைத்துக் கேட்கலாமா என்று யோசிக்கிறார்கள். தொகையைக் குறைத்தால் மின் பலகை போய்விடும். குறைக்க வேண்டியது தவணையை. 60 மாதத்தை 84 ஆக்கினால் மாதத் தவணை சுமார் 31,775, ஆண்டுக்கு 3.81 லட்சம். கெட்ட ஆண்டிலும் விகிதம் 1.26 வருகிறது, மூச்சு விடலாம். இதற்கும் விலை உண்டு. ஏழு ஆண்டில் கட்டும் மொத்தம் சுமார் 26.69 லட்சம், ஐந்து ஆண்டில் 24.02 லட்சம். கூடுதலாகப் போகும் 2.67 லட்சத்தை மந்தமான ஆண்டுக்கான காப்பீட்டுத் தொகை என்று எண்ணிக்கொள்ளலாம். ஒரே ஒரு எல்லை: இயந்திரம் உழைக்கும் காலத்தைத் தாண்டித் தவணை நீளக் கூடாது.

இன்னொன்று, தவணை எப்போது தொடங்குவது? பணம் கட்டி இயந்திரம் வர இரண்டு மாதம், நிறுவ ஒரு மாதம், சோதனை ஓட்டத்தில் பாகங்கள் சரியான அளவுக்கு வர ஒரு மாதம். இந்த நான்கு மாதம் ஜாப் ஒர்க் கூலியும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் அசலுக்கு நான்கு மாத விடுப்பு கேட்கலாம். பலர் இதை வட்டிக்கும் விடுப்பு என்று நினைக்கிறார்கள். அது தவறு. 18 லட்சத்துக்கு மாத வட்டி 18,000 ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்போதே கட்டாவிட்டால் அசலில் ஏறிவிடும். பழைய தொழிலில் தங்கும் 2.2 லட்சத்தை 12-ஆல் வகுத்தால் மாதம் சுமார் 18,300. ஆக வட்டியை மட்டும் சமாளிக்கலாம், அதற்கு மேல் துளியும் இடமில்லை. இதையும் மறைக்காமல் எழுதுவதுதான் நல்லது.

## ஒவ்வொரு காகிதமும் ஒரு கேள்விக்குப் பதில்

ஆவணங்களைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தால் வலுவாக இருக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மேலாளர் எடை போட்டுப் பார்ப்பதில்லை. கடிதத்தில் உள்ள எண் எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று தேடுகிறார்.

நம் கதையில் மிகப் பலமான காகிதம் பிணையப் பத்திரமோ கணக்காய்வாளர் கையெழுத்தோ அல்ல. கடந்த 12 மாத ஜாப் ஒர்க் பில்கள்தான். மாதம் 72,000 வெளியே போகிறது என்பதற்கு அவையே சான்று. மொத்தத் திட்டமும் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. நாளையும் அந்த வேலை இருக்கும் என்பதற்கு வாடிக்கையாளர்களின் கொள்முதல் ஆணைகள். செலவுக்கு விலைப்புள்ளி. அது காலாவதியாகாமல், மாடல் பெயர், வரி, வந்து சேரும் நாள் எல்லாம் உள்ளதாக இருக்க வேண்டும். தொழிலின் நிலைக்கு மூன்று ஆண்டு வரவு செலவுக் கணக்கு, வரித் தாக்கல் நகல், ஓராண்டு வங்கிக் கணக்குப் பட்டியல். தொழில் பதிவு, அடையாளச் சான்று, ஏற்கெனவே இருக்கும் கடன்களின் விவரம் ஆகியவை வழக்கம்போல.

சிக்கல் வருவது காகிதம் இல்லாததால் அல்ல, பெரும்பாலும் காகிதங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால். கணக்கில் விற்பனை 60 லட்சம், வங்கிப் பட்டியலில் வரவு 38 லட்சம் என்றால் மீதி எங்கே? வேறு வங்கியில் இன்னொரு கணக்கு இருக்கலாம், நியாயமான காரணம்தான். ஆனால் மேலாளர் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொன்னால் அது சாக்குப்போலத் தோன்றும். கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் விளக்கமாகிவிடும். திரும்பிய காசோலைகளுக்கும் இதே விதி.

வாடகைக் கட்டடமாக இருந்தால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடன் ஏழு ஆண்டு, வாடகை ஒப்பந்தம் இன்னும் இரண்டு ஆண்டு என்றால், மூன்றாம் ஆண்டில் இயந்திரம் எங்கே நிற்கும் என்ற கேள்வி வரும். விண்ணப்பிக்கும் முன்பே ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்வது நல்லது.

## கடிதம் எப்படி இருக்கும்?

இவ்வளவு கணக்கும் கடிதத்தில் வேண்டியதில்லை. அதை இணைப்பில் வைக்கலாம். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இப்படி அமையலாம்:

> மேலாளர் அவர்களுக்கு,
>
> பொருள்: சிஎன்சி லேத் வாங்க 18 லட்சம் தவணைக் கடன் கோருதல்.
>
> ஐயா,
>
> நான் பித்தளை வால்வு உதிரி பாகங்கள் தயாரித்து வருகிறேன். சென்ற ஆண்டு விற்பனை 60 லட்சம். பாகங்களின் இறுதி வேலையை வெளியே கொடுத்து வாங்குவதில் மாதம் சராசரியாக 72,000 செலவாகிறது (12 மாதப் பில்கள், இணைப்பு 1). இவ்வேலையை என் பட்டறையிலேயே செய்ய ஒரு சிஎன்சி லேத் வாங்க விரும்புகிறேன்.
>
> நிறுவும் செலவு உட்பட மொத்தம் 24 லட்சம் (விலைப்புள்ளிகள், இணைப்பு 2). இதில் 6 லட்சத்தை என் வைப்பு நிதியிலிருந்து போடுகிறேன் (இணைப்பு 3). மீதி 18 லட்சத்தை 84 மாதத் தவணையில், அசலுக்கு முதல் 4 மாத விடுப்புடன் கோருகிறேன். விடுப்புக் காலத்து வட்டியை மாதந்தோறும் கட்டிவிடுவேன்.
>
> இயந்திரம் ஓடத் தொடங்கியபின், சம்பளமும் மின்சாரமும் போக மாதம் 44,000 மிச்சமாகும். தவணையை இதிலிருந்து கட்டுவேன். ஆர்டர் கால் பங்கு குறைந்தாலும் தவணை கட்ட இயலும் என்பதற்கான கணக்கை இணைத்துள்ளேன் (இணைப்பு 4).
>
> என் வாடிக்கையாளர்களில் இருவர் வேறொரு வங்கிக் கணக்கில் பணம் செலுத்துகின்றனர். அக்கணக்கின் பட்டியலும் உள்ளது (இணைப்பு 5). புதிய இயந்திரத்தைக் கடனுக்கு ஈடாக எழுதித் தரச் சம்மதம். பட்டறையைப் பார்வையிட எந்நாளும் வரலாம்.
>
> இப்படிக்கு,

"மிகவும் சிரமப்பட்டு முன்னேறியவன்", "தங்களைத்தான் நம்பியிருக்கிறேன்" போன்ற வரிகள் இதில் இல்லை. அவை பொய்யென்று சொல்லவில்லை. எந்த இணைப்பு எண்ணையும் அவற்றுக்கு எதிரே எழுத முடியாது, அவ்வளவே.

கடன் ஒப்புதலானால் 18 லட்சமும் உங்கள் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் முதலில் உங்கள் 6 லட்சம் போக வேண்டும். பிறகு வங்கி நேரே இயந்திரம் விற்பவருக்கு, முன்பணம், இறக்கியபின் மீதி என்று கட்டம் கட்டமாகச் செலுத்தும். செலுத்திய தொகைக்கு மட்டுமே வட்டி ஓடும். முழுக் கடனும் முதல் நாளே போனதாக வைத்து நாம் போட்ட 18,000 வட்டி, முதல் இரண்டு மாதம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். இறுக்கிப் பிடித்திருந்த அந்த 18,300-இல் கொஞ்சம் தளர்வு கிடைப்பது இங்கேதான்.